சுவரேறி வந்த பையனும் திறந்து கிடந்த சம்ப்பும்

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டைக்குள் ஒரு ஷெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஷெட்தான், ஆனால் அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்கு அதன் முகம் தெரிந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முன்பக்கம் ரோலிங் ஷட்டர், பின்பக்கம் கொஞ்சம் வெட்டவெளி. ஒரு காலத்தில் லேத் பட்டறையாக ஓடியது, இப்போது பாதி இடம் குடோன். பின்வெளியில் எட்டடி ஆழத்தில் ஒரு சம்ப், அதன் வாய் இரண்டடிக்கு இரண்டடி. மேலிருந்த இரும்புத் தகடு துருவேறி ஓரமெல்லாம் உதிர்ந்துவிட்டதால், அதன்மேல் ஒரு ப்ளைவுட் பலகையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். மழையில் நனைந்து அந்தப் பலகையும் ஊறிப் போயிருக்கிறது. பின்சுவரில் ஓர் இடத்தில் செங்கல் சரிந்து பொத்தல். அதற்கு அந்தப் பக்கம் காலி மனை. சாயங்காலமானால் பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடுவார்கள்.

ஒரே நாளில் மூன்று பேர் அந்தப் பலகையில் கால் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் மீட்டர் பார்க்க வந்த மின்வாரிய ஊழியர். நள்ளிரவில் பழைய இரும்பு கிடைக்குமா என்று சுவரேறிக் குதித்த ஓர் ஆள். இரண்டுக்கும் நடுவே, மாலையில், பந்தைத் தேடி வந்த ஒன்பது வயதுப் பையன். பலகையும் பள்ளமும் மூவருக்கும் ஒன்றுதான். இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்பு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எதனால், எவ்வளவு மாறுகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. பொறுப்பு யாருக்கு? பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சட்டம் முதலில் பார்ப்பதில்லை. இடம் யார் கைவசம் இருக்கிறது, யார் நினைத்தால் அந்தப் பள்ளத்தை மூடியிருக்க முடியும் என்று பார்க்கும். அப்படிப்பட்டவர்தான் அனுபவதாரர். ஒதுக்கீடு ஒருவர் பெயரில், வாடகை ஒப்பந்தம் இன்னொருவர் பெயரில், பின்வெளியில் வேலை எடுத்திருக்கும் காண்டிராக்டர் மூன்றாமவர் என்றால் மூவருமே அனுபவதாரர் ஆகலாம். “நான் ஷெட்டை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு சார், சாவி மட்டும்தான் எங்கிட்ட இருக்கு” என்று சொல்பவர், தான் அனுபவதாரர் என்பதைத் தானே ஒப்புக்கொள்கிறார்.

காலையில் வந்தவரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. இங்கிலாந்தின் பொதுச்சட்டத்திலிருந்து வந்த விதிகளையே நம் நீதிமன்றங்கள் பின்பற்றி வந்திருக்கின்றன. அவற்றில் மூத்தது 1866-ஆம் ஆண்டின் ‘இண்டர்மவர் எதிர் டேம்ஸ்’ வழக்கு. ஒரு சர்க்கரை ஆலைக்குள் காஸ் குழாய் வேலைக்கு வந்தவர், தரையில் வேலியில்லாமல் விட்டிருந்த திறப்பில் விழுந்தார். வேலை நிமித்தமாக முறையாக வந்தவருக்கு, இயல்புக்கு மாறான ஆபத்து எதுவும் நேராமல் பார்த்துக்கொள்வது அனுபவதாரரின் கடமை என்று நீதிமன்றம் சொன்னது. அனுபவதாரருக்குத் தெரிந்த ஆபத்து மட்டுமல்ல, தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தும் இந்தக் கணக்கில் சேரும். “பலகை இத்துப்போனது எனக்குத் தெரியாது” என்பது மின்வாரிய ஊழியரிடம் செல்லாது. முறையாக வருபவருக்காக நீங்கள் போய்ப் பார்த்து ஆபத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கூரியர் பையன், சரக்கெடுக்க வரும் வாடிக்கையாளர், ஆய்வுக்கு வரும் அதிகாரி எல்லாருக்கும் இதே அளவுகோல்தான். உங்கள் தொழிலாளிக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 33-ஆம் பிரிவில் தொட்டி, பள்ளம், சம்ப் ஆகியவற்றின் பெயரையே சொல்லி, அவற்றை உறுதியாக மூட வேண்டும் அல்லது வேலியிட வேண்டும் என்று எழுதி வைத்தது.

இந்த முதல் ஆள் விஷயத்தில் சிக்கல் அதிகமில்லை. இரவில் வந்தவரிடம் வருவோம்.

அவர் திருட வந்தவர். ‘அவர் விழுந்தால் எனக்கென்ன’ என்று நினைப்பது இயற்கை. நூறாண்டுக்கு முன் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது. வேண்டுமென்றே காயப்படுத்தாதே, அவர் அங்கே நிற்பது தெரிந்தும் துணிந்து ஆபத்தை ஏவாதே என்பதற்கு மேல் அத்துமீறி நுழைந்தவருக்கு எந்தக் கடமையும் இல்லை என்றது. இன்றும் நம் கற்பனை ஷெட்டில் அந்த ஆள் சம்ப்பில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு இழப்பீடு கேட்டால், பெரும்பாலும் தோற்றுத்தான் போவார். நள்ளிரவில் அந்த மூலையில் ஒருவர் நடப்பார் என்று எதிர்பார்க்க உங்களுக்குக் காரணம் இல்லை.

ஆனால் பள்ளம் கவனக்குறைவால் கிடப்பது வேறு, அவருக்காகவே வைப்பது வேறு. இந்த இரண்டாவதைக் குறித்து நம் உச்ச நீதிமன்றம் 1963-இல் பேசியிருக்கிறது. ‘செரூபின் கிரகரி எதிர் பீகார் மாநிலம்’ என்பது வழக்கு. ஒரு வீட்டுக்காரருக்குப் பக்கத்து வீட்டில் இருந்த பெண்ணின் கழிவறைச் சுவர் இடிந்துவிட, அந்தப் பெண் இந்த வீட்டுக்காரரின் கழிவறையைப் பயன்படுத்தத் தொடங்கினார். வீட்டுக்காரர் ஆட்சேபித்தார். ஆட்கள் வருவது நிற்கவில்லை. உடனே அவர் கழிவறைக்குப் போகும் வழியில் வெறும் செம்புக் கம்பியைக் கட்டி, வீட்டிலிருந்தே மின்சாரம் கொடுத்துவிட்டார். எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. அந்தப் பெண் கம்பியில் கைபட்டு இறந்தார். ‘அத்துமீறி வந்தவர்தானே’ என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அத்துமீறியவர் சட்டத்தின் காப்புக்கு வெளியே போய்விடுவதில்லை, அவருக்குப் பொறி வைக்க யாருக்கும் உரிமையில்லை என்று கூறி, இந்திய தண்டனைச் சட்டம் 304-அ பிரிவின் கீழ் தண்டனையை உறுதி செய்தது. அந்தப் பிரிவுக்கு அப்போது அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் அது ஐந்தாண்டாக உயர்ந்திருக்கிறது. காம்பவுண்டுக் கம்பியில் ‘சும்மா ஷாக் அடிக்கிற அளவுக்கு’ லைன் கொடுத்து வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம். சுவர் மேல் பகலில் தெரியும்படி பதித்த கண்ணாடிச் சில்லு ஏறாதே என்று சொல்கிறது. மறைந்திருக்கும் மின்கம்பி எதுவும் சொல்வதில்லை.

இப்போது மாலையில் வந்த பையன். இந்த அத்தியாயத்தை எழுதியதே அவனுக்காகத்தான்.

கறாராகப் பார்த்தால் அவனும் அத்துமீறி நுழைந்தவன்தான். 1929-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை இப்படித்தான் கறாராகப் பார்த்தது. ஸ்காட்லாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தின் இழுவைச் சக்கரத்தில் சிக்கி நான்கு வயதுக் குழந்தை இறந்துபோனது. வேலி இருந்ததென்று பேர்தான், ஊரே அதைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது. ஆனாலும் குழந்தைக்கு அனுமதி இல்லை, ஆகவே நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை என்று முடிந்தது. ‘ஆடி எதிர் டம்பிரெக்’ என்ற அந்தத் தீர்ப்பு நாற்பத்து மூன்று வருடம் நின்றது.

அதை அசைத்தது ஒரு ரயில் பாதை. 1965 ஜூன் மாதம் லண்டனுக்குத் தெற்கே, ஆறு வயதுப் பையன் ஒருவன் விளையாடிக்கொண்டிருந்த புல்வெளியிலிருந்து வேலியைத் தாண்டித் தண்டவாளத்துக்குப் போய், மின்சாரம் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் பட்டுக் கடுமையாகத் தீப்புண் அடைந்தான். (கிண்டி வழியாக ஓடும் நம் புறநகர் ரயிலுக்கு மின்சாரம் தலைக்கு மேலே கம்பியில் வருகிறது. அங்கே அது காலுக்கு அருகே தரையோடு ஓடும்.) வேலி ஓர் இடத்தில் மிதிபட்டு மிதிபட்டுச் சுமார் பத்து அங்குல உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது. பிள்ளைகள் தண்டவாளத்தில் தென்படுகிறார்கள் என்று சில வாரங்களுக்கு முன்பே நிலைய அதிகாரிக்குத் தகவல் போயிருந்தது. யாரும் வேலியைச் சரிசெய்யவில்லை. 1972-இல் ‘பிரிட்டிஷ் ரயில்வே வாரியம் எதிர் ஹெரிங்டன்’ வழக்கில் பிரபுக்கள் சபை தன் பழைய தீர்ப்பிலிருந்து விலகியது. அத்துமீறி வருபவரிடமும் சாதாரண மனிதாபிமானம் காட்ட வேண்டும் என்றது.

மனிதாபிமானம் என்றால் எவ்வளவு? இங்கேதான் இந்தத் தீர்ப்பு பயன்படும் கருவியாகிறது. முறையாக வந்தவருக்குப் போல, ஆபத்தைத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கே தெரிந்த ஓர் ஆபத்து இருந்து, அந்தப் பக்கம் ஆட்கள், குறிப்பாகக் குழந்தைகள், வரக்கூடும் என்பதும் தெரிந்திருந்தால், உங்கள் சக்திக்கும் வசதிக்கும் உட்பட்டதைச் செய்தாக வேண்டும். ரயில்வே வாரியத்துக்கு ஒரு வேலியைக் கட்டுவது பெரிய செலவில்லை. அதுதான் அவர்களுக்கு எதிராகப் போனது. இந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் இப்படிப்பட்ட வழக்கில் மனுதாரர் தரப்பு எடுத்துப் போட்டு வாதாடக்கூடியது இதைத்தான்.

ஆகவே குழந்தை விஷயத்தில் கேள்வி இடம் மாறுகிறது. ‘அவனுக்கு அனுமதி இருந்ததா?’ என்பது பின்னுக்குப் போய், ‘உனக்குத் தெரிந்திருந்ததா?’ என்பது முன்னால் வருகிறது. நம் ஷெட்டில் தெரிந்திருந்ததா என்பதை எது காட்டும்? சுவர்ப் பொத்தலின் கீழே கால்பட்டு வழுவழுப்பான மண். கூரை மேல் கிடக்கும் ரப்பர் பந்துகள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாட்ச்மேன் ஒருநாள் சொன்ன வார்த்தை: “சார், பின்னாடி பசங்க பந்து எடுக்க வந்துட்டே இருக்காங்க. திட்டுனாலும் கேக்க மாட்டேங்கறாங்க.” நீங்கள் பதிலுக்கு ஒரு பெயின்டரை அழைத்து, பொத்தலுக்குப் பக்கத்தில் ‘அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்’ என்று எழுத வைத்தீர்கள். அந்த எழுத்து உங்களைக் காப்பாற்றும் என்று நினைத்திருப்பீர்கள். நான் மறுதரப்பு வழக்கறிஞராக இருந்தால் முதலில் புகைப்படம் எடுப்பது அதைத்தான். ஆட்கள் உள்ளே வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கு உங்கள் செலவிலேயே எழுதி வைத்த சாட்சி அது. தண்டனை பற்றித்தான் அதில் எழுதியிருக்கிறது, பள்ளம் இருப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருந்தாலும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை பந்து மேல் கண் வைத்து ஓடும்போது அதை நின்று படிக்காது.

குழந்தை என்பதால் இன்னொரு கோணமும் உண்டு. 1922-இல் கிளாஸ்கோ நகரத் தாவரவியல் பூங்காவில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் பார்வைக்கு அழகாக இருந்த விஷப்பழத்தைத் தின்று இறந்த வழக்கு. பூங்காவுக்குள் வர அவனுக்கு உரிமை உண்டு, பழத்தைப் பறிக்க உரிமையில்லை. ஆனால் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் பிள்ளைகளை ஈர்க்கும் ஆபத்தை வேலியோ எச்சரிக்கையோ இல்லாமல் வைத்தால் பொறுப்பு வரும் என்றது பிரபுக்கள் சபை. பெரியவருக்குக் கண்ணெதிரே தெரியும் ஆபத்து, குழந்தைக்கு விளையாட்டுச் சாமானாகத் தெரியும். நம் ஊரில் இதற்கு வெளிநாட்டுப் பழம் வேண்டியதில்லை. வேலியோரம் படர்ந்த குன்றிமணிக் கொடியின் சிவப்பும் கறுப்புமான விதையும், தங்க அரளிக் காயும் போதும். இரண்டுமே நஞ்சு. பாசி படர்ந்த சம்ப்பும் இந்த வகைதான். பச்சைத் தரை போலத் தெரியும்.

சென்னையிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மூடியில்லாமல் விட்டிருந்த பத்தடி ஆழக் கழிவுநீர்த் தொட்டியில் ஆறு வயதுப் பையன் ஒருவன் விழுந்து இறந்தான். தாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தொட்டியை யார் திறந்து விட்டார்கள் என்பதை ரிட் மனுவில் தீர்மானிக்க முடியாது என்று மனு தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, தமிழ்நாடு அரசு 50,000 ரூபாயை 1990 ஜனவரி 1 முதல் 12 சதவீத வட்டியோடு கொடுக்க வேண்டும், பிறகு பொறுப்பானவர் யாரோ அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. 1992-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் அது இருக்கிறது. பையன் அங்கே ஏன் போனான் என்பதல்ல அங்கே முடிவைத் தீர்மானித்தது. தனியார் ஷெட்டுக்கு இதே வழி அப்படியே பொருந்தாது. அரசுக்கு எதிராக ரிட் மனு, உங்களுக்கு எதிராக உரிமையியல் வழக்கு. ஆனால் ‘அது வாடகைக்காரர் வேலை’, ‘அது காண்டிராக்டர் விட்டுப்போனது’ என்ற சண்டையை, இறந்த குழந்தையின் தாய் தலையில் கட்ட முடியாது என்ற போக்கு அதில் தெளிவாகத் தெரிகிறது.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். குழந்தை விழுந்தால் எல்லாமே அனுபவதாரர் தலையில்தான் என்று இல்லை. 1955-இல் இங்கிலாந்தில் ‘பிப்ஸ் எதிர் ரோச்செஸ்டர்’ வழக்கில், கட்டட வேலை நடந்த திறந்தவெளிக்கு ஏழு வயது அக்காவோடு வந்த ஐந்து வயதுப் பையன் அகழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். இவ்வளவு சிறிய பிள்ளைகளைத் தனியாக அனுப்பமாட்டார்கள் என்று பெற்றோரின் விவேகத்தை நம்ப அனுபவதாரருக்கு உரிமையுண்டு என்று வழக்கு தள்ளுபடியானது. வயதும் இருபக்கமும் வெட்டும். மூன்று வயதுக் குழந்தையிடம் கவனக்குறைவைச் சுமத்த முடியாது. பதினாலு வயதுப் பையன் பகல் வெளிச்சத்தில் கூரைமேல் ஏறி ஆஸ்பெஸ்டாஸ் உடைந்து விழுந்தால், ஏறினால் விழுவோம் என்று அவனுக்குத் தெரியாதா என்று நீதிபதி கேட்பார். நம் ஒன்பது வயதுப் பையன் நடுவில் நிற்கிறான். கூரை ஆபத்து அவனுக்குப் புரியும். நடந்துபோகும் பலகைக்குக் கீழே எட்டடிப் பள்ளம் இருப்பது யாருக்குமே தெரியாது. அதனால்தான் அவன் வழக்கில் நீங்கள் தோற்பீர்கள் என்று நினைக்கிறேன்: ஆபத்து மறைந்திருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, வருகிறான் என்றும் தெரிந்திருக்கிறது, சரிசெய்ய ஒரு மூடிதான் செலவு.

அந்த மூடியைப் பற்றி. எவ்வளவு போதும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் ஆழ்துளைக் கிணறுகளுக்கு 2010-இல் கொடுத்த உத்தரவு நல்ல அளவுகோல். கைவிடப்பட்ட கிணறுகளில் குழந்தைகள் தொடர்ந்து விழுந்ததால் வந்தது அது. கிணறு தோண்ட 15 நாள் முன்பே எழுத்தில் தகவல், தோண்டும்போது பலகையும் முள்வேலியும், கேசிங் குழாயைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர் சிமெண்ட் மேடை, அது தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர். குழாயின் வாய்க்கு இரும்புத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும் அல்லது போல்ட் போட்டு மூட வேண்டும். கைவிட்ட கிணறென்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணோ கல்லோ போட்டு நிரப்ப வேண்டும். அதற்குப் பிறகும் 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையை இழந்தோம் என்பது தனிக் கதை. உத்தரவு சம்ப்புக்கு எழுதப்பட்டதல்ல. ஆனால் அதன் தர்க்கத்தைக் கவனியுங்கள்: பலகை எழுதுவது வேலை நடக்கும் நாட்களுக்கு மட்டும். நிரந்தரத்துக்குத் தகடும் வெல்டிங்கும்தான், அதாவது குழந்தையின் கை திறக்க முடியாத ஒன்று.

நம் சம்ப்புக்கு இதன்படி வாயைச் சுற்றி ஒரு முழம் உயரத்துக்குக் கட்டு எழுப்பி, பெரியவர் ஏறி நின்றாலும் தாங்கும் மூடியைப் பூட்டோடு போடுங்கள். கட்டு எழுப்புவதற்குக் காரணம், தரைமட்டத்தில் இருக்கும் மூடி மீது ஓடுவார்கள், உயர்ந்ததைச் சுற்றிப் போவார்கள். பூட்டின் சாவி பம்ப் ரூமில் தொங்க வேண்டும், வாட்ச்மேன் இடுப்பில் அல்ல, ஏனென்றால் வாட்ச்மேன் மாறும்போது சாவி போகும், பிறகு பூட்டை உடைத்துத் திறப்பார்கள், அப்புறம் மூடி திறந்தே கிடக்கும். உபயோகமில்லாத சம்ப் என்றால் மூடாதீர்கள், நிரப்புங்கள். கிடக்கும் தண்ணீரை வெளியே எடுக்க யாரையும் உள்ளே இறக்க வேண்டாம். வெகுநாள் மூடிய தொட்டியில் மூச்சுக்குக் காற்று இல்லாமல் போகும், மேலிருந்து மோட்டார் வைத்து உறிஞ்சுங்கள்.

சுவர்ப் பொத்தலையும் அதே வாரத்தில் அடைத்துவிடுங்கள். அடைக்காமல் பல மாதம் விட்டு, பையன்கள் வருவதைப் பார்த்தும் பேசாமல் இருந்தால், மௌனமே அனுமதி என்று வாதிக்க வழி உண்டு. அப்போது அவர்கள் அத்துமீறியவர்கள் அல்ல, அனுமதியில் வந்தவர்கள். உங்கள் கடமையும் ஒரு படி ஏறிவிடும். பந்தைத் திரும்பக் கொடுக்க வாட்ச்மேனிடமே சொல்லிவிடுங்கள், கேட்டைத் திறந்து உள்ளே விடச் சொல்லாதீர்கள்.

விபத்து நடந்துவிட்டால், ‘மூன்று வருஷம் ஓடிப்போச்சு, இனி கேஸ் வராது’ என்று யாராவது சொல்வார்கள். பெரியவர் காயம்பட்ட வழக்குக்கு அது ஏறக்குறைய சரி. குழந்தைக்குச் சரியில்லை. காலவரையறைச் சட்டத்தின் 6, 8 பிரிவுகள்படி, மைனரின் கணக்கு பதினெட்டு வயது நிறைந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். காயம்பட்ட நம் ஒன்பது வயதுப் பையன் இருபத்தோரு வயதுவரை வழக்குப் போடலாம். (உயிரிழப்பு என்றால் கணக்கு வேறு. 1855-ஆம் ஆண்டின் கோர விபத்துகள் சட்டப்படி குடும்பம் போடும் வழக்குக்கு, இறந்த நாளிலிருந்து இரண்டு வருடம்.) ஆகவே மூடி வாங்கிய பில், அதைப் போட்ட தேதியோடு எடுத்த புகைப்படம், சுவர் அடைத்த கொத்தனாருக்குக் கொடுத்த ரசீது ஆகியவற்றைப் பன்னிரண்டு வருடத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். வாட்ச்மேன் ‘பசங்க வந்தாங்க’ என்று எழுதும் நோட்டையும் சேர்த்து வையுங்கள். அதில் மறுநாள் வரிசையில் ‘மூடி பூட்டியிருக்கு, பார்த்தேன்’ என்று இருந்தால் அது உங்கள் சாட்சி, இல்லாவிட்டால் அவர்களுடையது.